கரணை ஊன்றுமுன் கறவையை எண்ணுங்கள்

பொன்னேரி வட்டத்தின் கடலோரத்தில் உள்ள காட்டுப்பள்ளியில் நின்று பார்த்தால் நாலா பக்கமும் தண்ணீர்தான். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. ஆனால் பயிருக்குப் பாய்ச்ச நல்ல தண்ணீர் எங்கே என்று கேட்டால், இருக்கும் இடத்தையும் இருக்கும் மாதத்தையும் தேடித்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பகுதியிலும், கால்வாய்க்கு மேற்கே காட்டூர், மீஞ்சூர் பக்கத்திலும் சிறு விவசாயிகள் பலர் தீவனப்புல் பயிரிட்டு மாடு வைத்திருப்போருக்கு விற்கலாமா என்று யோசிக்கிறார்கள். யோசனை தவறல்ல. மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம், மாதவரம், வடசென்னை என்று கறவை மாடு கட்டியிருப்பவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். மாட்டுக்கு இடம் உண்டு, புல்லுக்கு இடமில்லை என்பது அவர்களில் பலருடைய நிலைமை. எனவே புல்லை நட்டுவிட்டால் வாங்க ஆள் வருவார்கள் என்ற நம்பிக்கை இயல்பாகவே எழுகிறது.

இந்த நம்பிக்கையில்தான் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. புல் நன்றாக வளரும் மாதமும், புல்லுக்கு ஆள் அலையும் மாதமும் இந்தக் கடலோரத்தில் ஒன்றல்ல. இதை உணராமல் கடன் வாங்கி ஓர் ஏக்கர் கரணை நடுபவர், கார்த்திகையில் விற்க முடியாத புல்லோடும், வைகாசியில் கொடுக்க முடியாத வாக்கோடும் நிற்க நேரிடும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். தீவனப்புல்லில் அளக்க வேண்டியவை மூன்று: தண்ணீர், நிலம், நிலையான ஆர்டர். இம்மூன்றையும் அளந்து பார்த்தால், காட்டுப்பள்ளிப் பகுதிக்கு ஆண்டு முழுதும் பச்சைப்புல் என்பதைவிட, தை மாதத் தண்ணீரில் சோளத்தை வளர்த்து ஊறுகாய்ப்புல்லாகக் கட்டி, கோடையில் விற்பதே பொருத்தம் என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

தண்ணீரை வைகாசியில் சோதியுங்கள்

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. சென்னையின் குடிநீருக்காக அங்கே ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் நீர் இறைக்கப்பட்டது. விவசாயத்திற்கும் இறைப்பு கூடியது. விளைவாகக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டதாக ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010 முதல் இயங்குகிறது என்றாலும், அந்த நீர் நகரத்துக் குழாய்க்குப் போவது. வயலுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே விவசாயியின் கையில் இருப்பது மழைநீரும், மழையால் தேறிய கிணற்று நீரும்தான். கடலோர மணலில் பெய்யும் மழை, அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். பாலின் மேல் ஆடை படிந்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இந்தப் படலம் தடித்திருக்கும். மாசி, பங்குனி கடந்து வெயில் ஏற ஏற மெலியும். அப்போது பெரிய மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால், நடுவில் அடிநீர் மேலெழும்பிக் கிணறே உப்பாகும். சிறிய மோட்டாரில் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, இடையில் ஊற விட்டு எடுப்பதே இந்த மணலுக்கு ஏற்ற முறை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. தை மாதத்தில் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நல்ல நீர் என்று சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதாகும். ஒருமுறை தையிலும், மறுமுறை வைகாசியிலும் சோதிக்க வேண்டும். மோட்டாரைப் போட்டதும் வரும் நீரை எடுக்காமல், வழக்கமாகப் பாய்ச்சும் நேரம் ஓடவிட்டு, நிறுத்துவதற்குச் சற்று முன் வரும் நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். மாவட்டத்தில் திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தை இதுபற்றி அணுகலாம்.

சீட்டில் பார்க்க வேண்டியது மின்கடத்தும் திறன் என்ற எண். அது டெசிசைமன் என்ற அளவில் இருக்கும். ஒரு டெசிசைமன் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு என்று கொள்ளலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்ட பாசனநீர் வழிகாட்டியின்படி, பாய்ச்சும் நீரில் இந்த எண் 1.2-ஐத் தாண்டினால் தீவன மக்காச்சோளத்தின் மகசூல் இறங்கத் தொடங்கும். சோளமோ சுமார் 4.5 வரை தாங்கும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் உப்பை ஓரளவே பொறுக்கும். நீர்ப்புல் எனப்படும் எருமைப்புல் ஈரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும் என்றாலும், சுவையிலும் சத்திலும் ஒட்டுப்புல்லுக்கு அடுத்தபடிதான்.

வைகாசிச் சீட்டில் எண் உயர்ந்திருந்தால், ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும் புல்லை அந்தக் கிணற்றை நம்பி நடக்கூடாது. எண் என்ன சொன்னாலும் பயிரும் சொல்லும். இலையின் நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வருவதும், பாத்தியில் வெள்ளைப் பூச்சு படிவதும், தூர் வெடித்தும் தண்டு நீளாமல் நிற்பதும் உப்பின் அடையாளங்கள். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி அதே நீரை மேலும் பாய்ச்சினால் கெடுதல்தான் கூடும்.

நிலத்தில் மேடும் பள்ளமும்

காட்டுப்பள்ளியின் கடற்கரை மணல் மேட்டில் தண்ணீரும் தங்காது, உரமும் தங்காது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கொஞ்சமாகப் பாய்ச்ச வேண்டும். தொழுவுரம் நிறைய இட வேண்டும். நன்னீர் ஊற்று இல்லாத மணல் திட்டில் எந்தத் தீவனப்புல்லையும் வியாபாரத்திற்காக நடலாகாது. மீனவர் குடும்பங்களில் சிலர் குடிசைக்குப் பின்னால் உள்ள மணலில் நட்டுப் பார்க்க விரும்பலாம். வீட்டிலுள்ள இரண்டு ஆட்டுக்கு என்றால் சரி. வாங்குபவருக்கு வாக்குக் கொடுக்கும் அளவுக்கு அந்த மண் ஒத்துழைக்காது.

கால்வாய்க்கு மேற்கே போகப் போக நிலம் கனத்து வருகிறது. அங்கே குறை வேறுவிதமானது. பள்ளமான கட்டங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்த வட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்குத் தேங்கிய நீர் ஆகாது. வேர் மூச்சுத் திணறித் தூர் அழுகும். ஒரு முறை நட்டால் சில ஆண்டுகள் பலன் தரும் என்று கணக்குப் போட்ட கரணை, முதல் ஆண்டு மழையிலேயே போய்விட்டால் கணக்கும் போயிற்று. அப்படிப்பட்ட பள்ளத்தில் நெல்லோ, நீர்ப்புல்லோதான் நிற்கும்.

எனவே தேர்வு செய்ய வேண்டிய நிலம், மழைநீர் ஓரிரு நாளில் வடிந்துவிடும் சற்று மேடான கட்டம். மண் மணல் கலந்த வண்டலாக இருக்க வேண்டும். தை முதல் பங்குனி வரையாவது நன்னீர் கிடைக்க வேண்டும். டிராக்டரோ சிறு வண்டியோ கட்டத்தின் ஓரம் வரை வர வழி இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எண்ணுவதில்லை. ஓர் ஏக்கரில் பத்து டன்னுக்கு மேல் அறுத்துத் தலைச்சுமையாக வரப்பில் தூக்கி வந்தால், லாபம் எல்லாம் அந்த வரப்பிலேயே முடிந்துவிடும்.

நல்ல நாளின் கணக்கும் மோசமான நாளின் கணக்கும்

பச்சைப்புல் வியாபாரத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 2008-ல் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுவடை, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என ஆண்டுக்கு ஏழு அறுவடை. நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு ஓர் அறுவடையில் சுமார் 20 டன் என்பது கணக்கு.

தினமும் புல் கொடுக்க வேண்டுமானால், ஏக்கரை 45 பங்காகப் பிரித்து நாளுக்கு ஒரு பங்கு அறுக்க வேண்டும். ஒரு பங்கு என்பது இரண்டேகால் சென்டுக்குச் சற்றுக் குறைவு. ஏக்கருக்கு 20 டன் வந்தால் தினசரி 440 கிலோ கிடைக்கும். ஆனால் இந்தக் கடலோரத்தில் பாதி வந்தாலே நல்லது என்று கொண்டால் தினசரி 220 கிலோ. மாட்டுக்கு 20 கிலோ வீதம் பத்து மாட்டுக்குப் போதும். இதுவரை எல்லாம் சரியாகவே தோன்றும்.

ஆனால் உப்பு ஏறிய வைகாசியில் புல் வளராமல் நின்று, விளைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தினசரி கிடைப்பது 70 கிலோ சொச்சம்தான். மூன்று மாட்டுக்கும் கொஞ்சம் மேல். பத்து மாடு வைத்திருப்பவருக்கு மற்ற ஏழு மாட்டுக்கு வழி என்ன? அவர் வேறிடம் தேடுவார். தேடிக் கண்டுபிடித்தவர் ஆவணியில் திரும்பி வரமாட்டார். மாட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. தீவனம் ஒரு நாள் குறைந்தால் மறுநாளே பால் அளவில் தெரிந்துவிடும் தொழில் அது.

ஆகவே வாக்குக் கொடுப்பது என்றால் மிக மோசமான நாளில் எவ்வளவு கொடுக்க முடியுமோ அந்த அளவுக்கே கொடுக்க வேண்டும். மேற்சொன்ன ஏக்கரின் உண்மையான ஆர்டர் பத்து மாடு அல்ல, மூன்று மாடு. மிஞ்சிய புல் நல்ல மாதங்களில் வெளியே போகுமா என்றால், அங்கேதான் அடுத்த சிக்கல். மழைக்குப் பின் வரப்பு எங்கும் இலவசப் புல். தை, மாசியில் சம்பா அறுவடையாகி வைக்கோல் மலிந்து கிடக்கும். அந்த மாதங்களில் காசு கொடுத்துப் புல் வாங்க யாருக்கும் மனம் வராது.

இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதற்காகத்தான் ஊறுகாய்ப்புல், அதாவது சைலேஜ். தண்ணீர் இருக்கும் மாதத்தில் விளைத்து, ஆள் தேடும் மாதத்தில் விற்பதற்கு அது ஒரு பாலம். புல்லைச் சேமிப்பது என்பதைவிட, தை மாதத் தண்ணீரை வைகாசிக்குச் சேமிப்பது என்றே அதைச் சொல்லலாம்.

தையில் விதை, பங்குனியில் அறுவடை

இதற்கு ஏற்ற பயிர் தீவனச்சோளம். மக்காச்சோளத்தில் சர்க்கரையும் மணியும் கூடுதல், ஊறுகாய்ப்புல்லுக்கு அதுவே உயர்ந்தது. ஆனால் உப்பைத் தாங்காது. வைகாசிச் சீட்டு நல்லதாக வந்த சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். மற்றவர்களுக்குச் சோளமே துணை. கோ.எப்.எஸ்-29 போன்ற மறுதாம்பு விடும் இரகத்திற்கு ஏக்கருக்கு 5 கிலோ விதை போதும். பொங்கல் முடிந்ததும் விதைத்தால், உப்பைச் சகிக்காத முளைப்பருவம் முழுவதும் நன்னீர் காலத்திலேயே கடந்துவிடும். தண்ணீரில் உப்பு கூடும்போது பயிர் வளர்ந்திருக்கும்.

பூத்து, பால் பிடிக்கும் பருவத்தில், ஏறக்குறைய 70-ம் நாளில் அறுக்க வேண்டும். பங்குனி நடுவில் இது அமையும். ஏக்கருக்கு 12 டன் பச்சை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர். அப்படியே கட்டினால் சாறு வடிந்து நாற்றமெடுக்கும். காலையில் அறுத்து வயலிலேயே மாலை வரை வாட விட்டால் தண்ணீர் 70 பங்காக இறங்கும். 12 டன் 10 டன்னாகக் குறைந்து நிற்கும். எடை போயிற்றே என்று வருந்த வேண்டியதில்லை. போனது தண்ணீர் மட்டும்தான்.

பதம் அறியக் கருவி வேண்டாம், கைப்பிடி போதும். நறுக்கிய சோளத்தை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கி, பின் விரலைத் திறக்க வேண்டும். விரலிடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம். திறந்ததும் உதிர்ந்து விழுந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல விரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் அதுவே பதம்.

நறுக்கும் அளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர். இதைவிட நீளமாக இருந்தால் மிதித்தாலும் இறுகாது, இடையில் காற்று தங்கும். ஊறுகாய்ப்புல்லின் பகை காற்றுதான். காற்றில்லாத இடத்தில் நல்ல நுண்ணுயிர்கள் சோளத்தின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்புதான் தீவனத்தைக் கெடாமல் காக்கிறது. மோர் புளிப்பதும் இதே முறையில்தான். கம்பு நேப்பியரைக் கட்ட நினைப்பவர்கள், அதில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு என்பதை அறிந்து, நன்றாக வாட்டி, நூறு கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வெல்லப்பாகைத் தெளித்துக் கட்ட வேண்டும். சோளத்திற்கு இது தேவைப்படாது.

குழி வெட்டாதீர்கள்

புத்தகங்களில் ஊறுகாய்ப்புல்லுக்குக் குழி வெட்டச் சொல்லியிருக்கும். மேட்டு நிலத்து விவசாயிக்கு அது சரி. காட்டுப்பள்ளிப் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே ஈரம் சுரக்கும். மணல் சுவர் சரியும். ஒரு கோடை மழை பெய்தால் குழி குட்டையாகிவிடும். இங்கே தரைக்கு மேல் கட்டுவதே முறை.

ஒரே இடத்திற்கு மொத்தமாகக் கொடுப்பதாக இருந்தால், மாட்டுக்காரர் வீட்டுக் கொல்லையிலேயே மேடான தரையில் தார்ப்பாய் விரித்துக் குவியலாகக் கட்டலாம். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, குவியலை அகலமாகக் கட்டிவிடுவது. கணக்கைப் பாருங்கள். காலால் நன்கு மிதித்த ஒரு கனமீட்டரில் சுமார் 500 கிலோ அடங்கும். 10 டன்னுக்கு 20 கனமீட்டர் வேண்டும். இதை 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், 5 மீட்டர் நீளமாகக் கட்டினால், தினமும் 150 கிலோ எடுக்கும்போது முகப்பில் ஏழரை சென்டிமீட்டர்தான் நகரும். கோடை வெப்பத்தில் திறந்த முகப்பு அதற்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதே குவியலை 2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளமாகக் கட்டினால் தினமும் 15 சென்டிமீட்டர் நகரும். பூசணம் பிடிப்பதற்குள் அந்தப் பகுதி மாட்டுக்குப் போய்விடும்.

பல இடங்களுக்குக் கொடுப்பதானால் 50 கிலோ பையே நல்லது. உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பை, வெளியே சாக்கு. அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். அறுத்த சோளத்தை அன்றோ மறுநாளோ கட்டி முடித்துவிட வேண்டும். ஆள் இல்லை என்று நாலு நாள் இழுத்தடித்தால் அது எருக்குழிக்குத்தான் உதவும். எலி கடித்த ஓட்டையும், காக்கை கொத்திய ஓட்டையும் ஒரு பையையே பாழாக்கும். வாரம் ஒருமுறை பார்த்து ஒட்டுப் போட வேண்டும்.

நாற்பது நாளில் பதமாகும். சித்திரைக் கடைசியில் திறக்கலாம். நல்லதன் நிறம் பசுமஞ்சள், மணம் புளித்த பழத்தின் மணம். அழுகிய வெண்ணெய் நாற்றமும் பிசுபிசுப்பும் வந்தால் ஈரமாகக் கட்டியது என்று பொருள். கருத்துப் புகையிலை வாடை அடித்தால் காற்று புகுந்து சூடேறியது. பூசணம் பிடித்ததை எந்த மாட்டுக்கும், முக்கியமாகச் சினை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாது. விற்பவர் அதைத் தாமே ஒதுக்கிவிட வேண்டும். ஒரு கெட்ட பையால் வரும் பழியை நூறு நல்ல பைகளாலும் துடைக்க முடியாது.

அறுவடைக்குப் பின் தழையும் மறுதாம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தண்ணீர் குறைந்து வாடிக் குட்டையாக நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு மிகும். அதைப் பச்சையாகக் கொடுத்து மாடு துடித்து விழுந்த கதைகள் கிராமங்களில் உண்டு. 50 நாள் ஆகாத, வாடிய மறுதாம்பைப் பச்சையாக விற்கவே கூடாது. ஊறுகாய்ப்புல்லாகக் கட்டினால் அந்த நஞ்சு பெருமளவு குறையும் என்பது இம்முறையின் இன்னொரு நன்மை.

ஆர்டர் என்பது வாய்ச்சொல் அல்ல

இப்போது விற்பனைக் கணக்கு. கட்டிய 10 டன்னில் புளிப்பிலும் ஓரச் சேதத்திலும் 15 பங்கு போனால் எட்டரை டன் நிற்கும். அதாவது 170 பை. பத்து மாட்டுக்குத் தலைக்கு 15 கிலோ வீதம் நாளுக்கு 3 பை. 170 பை 56 நாளுக்கு, அதாவது எட்டு வாரத்திற்கு வரும். வைகாசி முழுதும், ஆனியில் பெரும்பகுதியும் கடந்துவிடும். ஓர் ஏக்கருக்குப் பத்து மாடு, எட்டு வாரம். இதுதான் நேர்மையாகக் கொடுக்கக்கூடிய வாக்கு.

விலை பேசும்போது விற்பவரும் வாங்குபவரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நூறு கிலோ பச்சைப் புல்லில் 80 கிலோ தண்ணீர், 20 கிலோ சரக்கு. நூறு கிலோ ஊறுகாய்ப்புல்லில் 30 கிலோ சரக்கு. எனவே ஒரு கிலோ ஊறுகாய்ப்புல் ஒன்றரைக் கிலோ பச்சைப் புல்லுக்குச் சமம். பச்சைப்புல் விலைக்கே கேட்பவருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அதேபோல ஈரமாகக் கட்டி எடையைக் கூட்டுவதும் வாங்குபவரை ஏமாற்றுவதே.

உழவு, விதை, எரு, அறுவடைக் கூலி, நறுக்குக் கூலி, பை, வண்டி வாடகை என எல்லாவற்றையும் கூட்டி 170-ஆல் வகுத்தால் பையின் அடக்கம் கிடைக்கும். உதாரணத்திற்கு மொத்தச் செலவு 34,000 ரூபாய் என்றால் பை 200 ரூபாய், கிலோ 4 ரூபாய். ஆனால் விளைச்சல் 12 டன்னுக்குப் பதில் 6 டன்னாகிவிட்டால் பை 85-தான். அறுவடைக் கூலியும் பைச் செலவும் ஓரளவு குறைந்தாலும், உழவும் விதையும் எருவும் குறையாது. அடக்கம் கிலோவுக்கு 6 ரூபாயை எட்டிவிடலாம். குறைந்த விளைச்சலில் வரும் அடக்கத்தையும் தாங்கும் விலை கிடைக்குமானால் மட்டுமே விதைப்பது புத்திசாலித்தனம்.

இனி மாட்டை எண்ணும் வேலை. இதை மார்கழியிலேயே, விதை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். வீட்டுக்கு வீடு போய்க் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மாடு என்பதல்ல. வைகாசியில் எத்தனை மாடு பால் கறக்கும் என்பதே. பத்து மாடு கட்டியிருப்பவரிடம் அன்றைக்கு நாலு மாடு மடி வற்றி நிற்கலாம். வற்றிய மாட்டுக்கு வைக்கோல் போடுவாரே தவிர விலைத் தீவனம் போடமாட்டார். எனவே பத்துக் கறவையின் ஆர்டர் வேண்டுமானால் பதினைந்து பதினாறு மாடுள்ள இடங்கள் வேண்டும். அதுவும் ஒரே வீடாக இருக்கக் கூடாது. மூன்று வீடாவது இருந்தால், ஒருவர் மாட்டை விற்றுவிட்டாலும் மற்ற இரண்டு நிற்கும்.

அடுத்தது, முன்னோட்டம். ஊறுகாய்ப்புல்லைப் பழகாத மாடு முதலில் முகர்ந்து பார்த்து ஒதுங்கும். நாளுக்கு 5 கிலோவில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ஆண்டில் 10 சென்டில் மட்டும் விதைத்து, பதினைந்து இருபது பை கட்டி, இந்த மூன்று வீடுகளிலும் கொடுத்துப் பார்ப்பதே நன்று. மாடு தின்கிறதா, பால் நிற்கிறதா, காசு வருகிறதா என்ற மூன்று கேள்விக்கும் அந்த இருபது பையே பதில் சொல்லிவிடும்.

காசு வருவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். பால் சங்கத்திலோ பால் வாங்கும் நிறுவனத்திலோ பட்டுவாடா ஆகும் நாளே தீவனக் காசு வாங்கும் நாளாக இருக்கட்டும். நாளுக்கு எத்தனை பை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கிலோ என்ன விலை, கெட்ட பைக்கு மாற்றுப் பை உண்டா, ஒரு பட்டுவாடாவுக்கு மேல் பாக்கி நின்றால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பைச் செலவுக்காவது முன்பணம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முன்பணம் கொடுக்க மனமில்லாதவரின் ஆர்டரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பு.

யாருக்கு இது பொருந்தாது

வைகாசி நீரும் தை நீரும் உப்பாகவே உள்ளவருக்கு இது பொருந்தாது. தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டுமே உள்ளவருக்கும், வண்டி போகாத கட்டம் உள்ளவருக்கும், மார்கழிக்குள் மூன்று வீட்டு ஆர்டரை எழுதி வாங்க முடியாதவருக்கும் பொருந்தாது. நறுக்கும் இயந்திரத்தைத் தனியாகக் கடன் வாங்கி வாங்குவதும் ஓர் ஏக்கர்க்காரருக்குத் தகாது. ஆண்டில் நாலைந்து நாள் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் இயந்திரம் அது. ஐந்தாறு பேர் சேர்ந்தோ வாடகைக்கோ எடுத்து, ஒருவர் பின் ஒருவராகச் சில நாள் இடைவெளி விட்டு விதைத்தால் அறுவடையும் நெருக்காமல் வரும்.

கிணறு இருக்கிறது, நிலம் சும்மா கிடக்கிறது என்பதற்காகக் கரணை வாங்கக் கிளம்புபவர், ஒரு வைகாசி வரை பொறுத்துத் தண்ணீரைச் சோதித்து, ஒரு மார்கழியில் மாட்டை எண்ணி, ஒரு தையில் பத்து சென்ட் விதைத்துப் பார்க்கட்டும். ஓராண்டு தாமதம்தான். ஓர் ஏக்கர் கடனோடு ஒப்பிட்டால் அந்தத் தாமதம் மலிவானது.